சொத்தைக் கடலையும் நமுத்த வற்றலும்: பூஞ்சை நஞ்சைத் தவிர்க்கும் வழி

டப்பாவைத் திறந்ததும் நிலக்கடலையிலிருந்து ஒரு மாதிரி வாடை வருகிறது. மிளகாய் வற்றலில் அங்கங்கே சாம்பல் பூத்திருக்கிறது. இந்த இடத்தில் பலரும் செய்வது ஒன்றுதான்: ஒரு நாள் வெயிலில் போட்டு, உதறி, துடைத்து, நன்றாக வறுத்துவிட்டுப் பயன்படுத்துவது. வாடை போய்விடும், மேலே படிந்த பூசணமும் போய்விடும். ஆனால் பூஞ்சை உள்ளே சுரந்துவைத்த நஞ்சு அப்படியே இருக்கும். நல்லதையும் கெட்டதையும் பிரித்துக் காட்டிய அடையாளங்கள் எல்லாம் அழிந்துவிடுவதால், அதற்குப் பிறகு கெட்டதைக் கண்டுபிடித்துப் பொறுக்கவும் முடியாது.

அதனால் இந்தக் கட்டுரையில் வேலைகளின் வரிசைக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறோம். முதலில் பார்ப்பது, பிறகு பொறுக்குவது, அதற்குப் பிறகே காய வைப்பதும் வறுப்பதும். அரைப்பது எல்லாவற்றுக்கும் கடைசி.

பூஞ்சை வேறு, நஞ்சு வேறு

கடலையிலும் வற்றலிலும் நாம் முக்கியமாகப் பயப்பட வேண்டியது ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்ற பூஞ்சைக்கும் அதன் நெருங்கிய உறவான ஆஸ்பர்ஜில்லஸ் பாரசிட்டிகஸுக்கும்தான். மஞ்சள் கலந்த பச்சை நிறத் தூளாகப் படரும். இவை சுரக்கும் நஞ்சின் பெயர் அஃப்ளாடாக்சின். ஆஸ்பர்ஜில்லஸின் முதல் எழுத்தையும் ஃப்ளேவஸின் முதல் மூன்று எழுத்துகளையும் சேர்த்து வைத்த பெயர் அது. இந்த நஞ்சுக்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. கல்லீரலைத் தாக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல ஆண்டுகள் உடம்புக்குள் போனால் கல்லீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஹெப்படைட்டிஸ் பி தொற்று இருப்பவர்களுக்கு அந்த ஆபத்து இன்னும் பல மடங்கு. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதியானவற்றின் பட்டியலில் வைத்திருக்கிறது.

எல்லாப் பூஞ்சையும் நஞ்சு சுரப்பதில்லை. ஃப்ளேவஸிலேயே நஞ்சு சுரக்காத வகைகள் உண்டு. ஆனால் எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆகவே சமையலறையில் பூசணம் பிடித்த ஒவ்வொரு பருப்பையும் நஞ்சுள்ளதாகவே கணக்கில் வைக்க வேண்டும்.

வறுத்தால் போகாதா என்ற கேள்விக்கு வருவோம். வறுக்கும் சூட்டில் பூஞ்சை செத்துவிடும். நஞ்சு முழுமையாகச் சிதைய 240 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும். தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில், பிரஷர் குக்கருக்குள் ஏறக்குறைய 120, எண்ணெயில் பொரிப்பது 180 வாக்கில். கடலையை வறுக்கும்போது நஞ்சில் ஒரு பகுதி குறைவது உண்மைதான். எவ்வளவு குறையும் என்பது சூட்டையும் நேரத்தையும் பருப்பின் ஈரத்தையும் பொறுத்து மாறும். அதை நம்பிச் சொத்தைக் கடலையைச் சட்டியில் போடக் கூடாது. 240 டிகிரி வரை வறுத்தால் நஞ்சுக்கு முன்னால் கடலைதான் கரியாகும்.

வெயிலும் அப்படித்தான். அது ஈரத்தை எடுக்கும், இனிமேல் பூஞ்சை வளராமல் தடுக்கும். ஏற்கெனவே பருப்புக்குள் ஊறியதை எடுக்காது.

ஒரே ஒரு பருப்பின் கணக்கு

பொறுக்குவதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் கொடுக்கிறோம் என்பது இந்தக் கணக்கைப் பார்த்தால் புரியும். நஞ்சு ஒரு மூட்டைக் கடலையில் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெரும்பாலான பருப்புகள் சுத்தமாக இருக்கும். விரல் விட்டு எண்ணக்கூடிய சிலவற்றில் மட்டும் குவிந்திருக்கும்.

ஒரு பருப்பு அரை கிராம் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் 2000 பருப்பு. மோசமாகப் பாதித்த தனிப் பருப்பைச் சோதித்தபோது, கிலோவுக்கு 10 லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தையும் தாண்டி நஞ்சு இருந்தது உண்டு. நாம் அதில் பத்தில் ஒரு பங்கை, கிலோவுக்கு ஒரு லட்சம் மைக்ரோகிராம் என்ற விகிதத்தை எடுத்துக்கொள்வோம். அப்படியானால் அந்த அரை கிராம் பருப்புக்குள் இருப்பது 50 மைக்ரோகிராம். மீதி 1999 பருப்பும் சுத்தம் என்றாலும், எல்லாவற்றையும் சேர்த்து அரைத்தால் அந்த ஒரு கிலோ மாவு முழுக்க கிலோவுக்கு 50 மைக்ரோகிராம் ஆகிவிடுகிறது. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் நிலக்கடலைக்குக் கோடெக்ஸ் என்ற பன்னாட்டு உணவுத் தர அமைப்பு வைத்திருக்கும் உச்ச அளவு கிலோவுக்கு 15 மைக்ரோகிராம். ஒரே பருப்பால் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல்.

அரைப்பதற்கு முன் அந்த ஒரு பருப்பை எடுத்து எறிந்திருந்தால் கணக்கு பூச்சியம். அரைத்த பிறகு எந்த வழியிலும் பிரித்தெடுக்க முடியாது.

இதே காரணத்தால் ஒரு கைப்பிடிக் கடலையை மட்டும் ஆய்வகத்தில் கொடுத்து வாங்கும் சான்றை வைத்து மூட்டையை நம்ப முடியாது. அந்தக் கெட்ட பருப்பு அந்தக் கைப்பிடிக்குள் வராமலே போகலாம். பெரிய சரக்குகளைச் சோதிக்கும்போது பல இடங்களிலிருந்து கிலோக்கணக்கில் எடுத்துக் கலந்து அரைத்துப் பார்ப்பது இதனால்தான்.

வாடை இரண்டு வகை

"கடலை கெட்ட வாடை அடிக்கிறது" என்று சொல்லும்போது இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகச் சொல்கிறோம். ஒன்று சிக்கு வாடை. பழைய எண்ணெய், பெயின்ட் போல மூக்கில் ஏறும், நாக்கில் காறும். இது கடலையிலுள்ள கொழுப்பு காற்றுபட்டுக் கெடுவதால் வருவது. பூஞ்சை துளியும் இல்லாமலே வரும். வறுத்த கடலையில் சீக்கிரம் வரும். சாப்பிட லாயக்கில்லை, ஆனால் அஃப்ளாடாக்சினுக்கு அது அடையாளம் அல்ல.

மற்றது பூசண வாடை. மழைக்காலத்தில் பூட்டிக் கிடந்த அறை, நனைந்த சாக்கு, மக்கிய காகிதம் இவற்றின் வாடை. இது வந்தால் பூஞ்சை வளர்ந்திருக்கிறது என்றே முடிவு செய்ய வேண்டும். மூக்கை நம்புவதில் ஒரு வரம்பு உண்டு. வாடை இருந்தால் சந்தேகிக்கலாம், இல்லை என்பதால் நல்லது என்று சொல்ல முடியாது. வயலில் வறட்சி தாக்கிய செடியின் காய்க்குள் மண்ணுக்கடியிலேயே பூஞ்சை நுழைந்து, நஞ்சைச் சுரந்து, பிறகு காய்ந்து செத்திருக்கும். அந்தக் கடலை உங்கள் கைக்கு வரும்போது எந்த வாடையும் இருக்காது.

கசக்கிறதா என்று மென்று பார்ப்பதைச் சோதனையாக வைத்துக்கொள்ள வேண்டாம். சாப்பிடும்போது தற்செயலாக ஒன்று கசந்தால் விழுங்காமல் துப்பி, வாய் கொப்பளித்தால் போதும். ஒரு பருப்பு வயிற்றுக்குள் போய்விட்டதே என்று பதற வேண்டியதில்லை. நஞ்சு நாள்பட உள்ளே போவதைத் தடுப்பதுதான் நோக்கம்.

கடலையைப் பொறுக்கும் முறை

இரண்டு கிலோ உரித்த பச்சைக் கடலை இருக்கிறது, லேசான பூசண வாடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வேலைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பகல் வெளிச்சம் வேண்டும். வீட்டுக்குள் மின்விசிறிக்கு அடியில் உட்கார வேண்டாம், பூஞ்சைத் தூள் காற்றில் பறக்கும். முகக்கவசம் போட்டுக்கொண்டு, திண்ணையிலோ மாடியிலோ உட்காருங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்யக் கூடாது.

1. வெள்ளைத் தட்டிலோ வெள்ளைத் துணியிலோ ஒரு நேரத்தில் இரண்டு கைப்பிடி மட்டும் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். முறத்தில் குவித்துவைத்துக் கிளறினால் அடியில் இருப்பது தெரியாது.

2. முதல் சுற்றில் தோலைப் பாருங்கள். தூள் படிந்தவை, தோல் கறுத்தவை, சாம்பல் பூத்தவை, சுருங்கிச் சூம்பியவை, ஓட்டை விழுந்தவை, உடைந்தவை, முளை கிளம்பியவை எல்லாம் தனிக் கிண்ணத்துக்குப் போக வேண்டும். சூம்பலையும் உடைசலையும் எடுப்பது அழகுக்காக இல்லை. முற்றாத பருப்பும், தோல் கிழிந்து சதை வெளியே தெரியும் பருப்பும்தான் பூஞ்சைக்கு எளிதில் இடம் கொடுப்பவை.

3. எடுத்ததை நிறுத்துப் பாருங்கள். இரண்டு கிலோவில் 100 கிராமுக்கு மேல் சொத்தை வந்தால், அதாவது இருபதில் ஒரு பங்கு, மீதியையும் கழித்துவிடுவது நல்லது என்பது எங்கள் கைக்கணக்கு. சட்டம் சொல்லும் அளவு அல்ல இது. அவ்வளவு சொத்தை வெளியே தெரிந்தால் உள்ளுக்குள் மறைந்திருப்பதும் அதிகமாக இருக்கும் என்ற அனுபவக் கணிப்பு.

4. அதற்குக் குறைவாக இருந்தால், மீதிக் கடலையில் கையை விட்டுப் பல இடங்களிலிருந்து 50 பருப்பு எடுத்து, நகத்தால் இரண்டாகப் பிளந்து பாருங்கள். இந்தப் படியைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள்.

பிளந்த பருப்பைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் படகு வடிவில் ஒரு சிறிய குழிவு இருக்கும். நல்ல பருப்பில் அந்தக் குழிவு பால் வெள்ளையாகவோ லேசான தந்த நிறமாகவோ, ஒரே சீராக இருக்கும். முனையில் உள்ள முளைக்குருத்தும் அதே நிறம். கெட்டதில் குழிவின் ஓரம் மஞ்சளித்து, நடுவில் பழுப்பேறி, சில சமயம் சிலந்தி வலை போல மெல்லிய நூலோ பச்சைத் தூளோ தெரியும். முளைக்குருத்து கறுத்திருக்கும். இப்படிப்பட்ட பருப்பின் வெளித்தோல் பளபளவென்று நன்றாகவே இருக்கக்கூடும். பிளக்காமல் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

5. 50-இல் ஒன்றுகூட அப்படி இல்லை என்றால் இரண்டாம் சுற்றுக்குப் போகலாம். ஒன்று இருந்தால் இன்னொரு 50 பிளந்து பாருங்கள். மறுபடியும் வந்தால் அந்தக் கடலையை விட்டுவிடுங்கள்.

6. இரண்டாம் சுற்று, மிதமான சூட்டில் லேசாக வறுத்து, ஆறிய பின் தேய்த்துத் தோலை நீக்கிவிட்டுச் செய்வது. தோல் போனதும் நிறமாற்றம் பளிச்சென்று தெரியும். தேய்க்கும்போதே பல பருப்புகள் தானாகப் பிளந்துகொள்ளும், உட்புறத்தையும் பார்த்துவிடலாம். கறுத்தவை, திட்டுத்திட்டாகப் பழுப்பேறியவை, தேய்த்தும் தோல் விடாமல் ஒட்டிக்கொண்டவை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். பெரிய ஆலைகளிலும் இதே வரிசைதான்: தோல் நீக்கி, பிறகு நிறம் பார்த்துத் தள்ளும் இயந்திரத்தில் விடுவார்கள். பூஞ்சை நஞ்சைக் குறைப்பதில் வேறெந்த வீட்டு முறையும் இதற்குப் பக்கத்தில் வராது.

கருக வறுத்தால் இந்தச் சுற்று வீணாகிவிடும். எல்லாப் பருப்பும் பழுப்பாகிவிட்டால் எது பூஞ்சைப் பழுப்பு, எது சூட்டுப் பழுப்பு என்று எப்படிப் பிரிப்பது? தோல் கழலும் அளவுக்கு வறுத்து நிறுத்தி, பொறுக்கி முடித்த பிறகு வேண்டிய பதத்துக்கு மறுபடி வறுத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய் வற்றலில் பூஞ்சை உள்ளே இருக்கும்

கடலை கெட்டியான பொருள். வற்றல் உள்ளே வெற்றிடமான பை. காய்ந்த தோல் பளபளவென்று இருக்கும், உள்ளே விதை ஒட்டிய நரம்பில் ஈரம் தங்கியிருக்கும். பூஞ்சை அங்கிருந்துதான் கிளம்புகிறது. அதனால் வெளியே துடைத்துச் சுத்தம் செய்த வற்றல் எதையும் நிரூபிக்காது.

கால் கிலோ வாங்கினால் மேலிருந்து, நடுவிலிருந்து, அடியிலிருந்து என்று 20 வற்றலை எடுத்துக் கத்தரியால் நீளவாக்கில் வெட்டிப் பாருங்கள். நல்ல வற்றலின் விதை வைக்கோல் மஞ்சள். உட்சுவர் வெளிப்புறத்தைவிடச் சற்று வெளிறிய சிவப்பு. கெட்டதில் விதைகள் பழுப்பேறி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், நரம்பின் மேல் பஞ்சு போலச் சாம்பலோ கறுப்போ பூத்திருக்கும், வெட்டும்போது லேசாகத் தூள் பறக்கும். வெளிப்புறத்தில் வெளுத்த திட்டு உள்ளவற்றையும் காம்படி கறுத்தவற்றையும் முதலில் வெட்டுங்கள். 20-இல் இரண்டு கெட்டால் அந்தப் பொட்டலமே வேண்டாம். ஒன்று என்றால், பயன்படுத்தும் ஒவ்வொரு வற்றலையும் கிள்ளி, உள்ளே பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

காய்ச்சல் போதுமா என்பதற்கு: ஆறிய வற்றலை வளைத்தால் உடைய வேண்டும், குலுக்கினால் விதை கலகலவென்று ஒலிக்க வேண்டும். தோல் போல வளைந்து கொடுத்தால் நமுத்திருக்கிறது. வெயிலில் சூடாக இருக்கும்போது இந்தச் சோதனை ஏமாற்றும், சூட்டில் நல்ல வற்றலும் வளையும். நிழலில் வைத்து ஆறிய பிறகு பாருங்கள். அள்ளும்போது நொறுங்காமல் இருக்க வற்றலில் தண்ணீர் தெளிக்கும் வழக்கம் உண்டு என்பதையும் மனதில் வையுங்கள். வாங்கும்போது மிருதுவாக இருப்பது புதிய சரக்கு என்பதற்கு அடையாளம் அல்ல.

காம்பை முன்கூட்டியே கிள்ளி வைக்க வேண்டாம். காம்பு போனால் உள்ளறைக்கு வாசல் திறந்ததுபோல் ஆகும், காற்றின் ஈரமும் வண்டும் நேராக உள்ளே போகும். அரைக்கும் நாளில் கிள்ளினால் போதும்.

வற்றலில் அஃப்ளாடாக்சினோடு ஓக்ராடாக்சின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சும் வரக்கூடும், அது சிறுநீரகத்தைப் பாதிப்பது. மிளகு, சுக்கு, ஜாதிக்காய், மஞ்சள் போன்றவற்றிலும் இந்த இரண்டையும் எதிர்பார்க்க வேண்டும். சுக்கையும் ஜாதிக்காயையும் உடைத்து உட்புறம் பார்க்கலாம். மிளகு, சீரகம் போன்ற சிறியவற்றில் கட்டி கட்டியாக ஒட்டியிருப்பது, தூள் படிவது, உள்ளங்கையில் தேய்த்தால் காரமணத்துக்குப் பதிலாக மண்வாடை வருவது இவைதான் தடயம். மசாலாப் பொருளை நாம் சாப்பிடும் அளவு கடலையைவிடக் குறைவு, ஆகவே ஒரு வேளைக்கு உள்ளே போகும் நஞ்சும் குறைவு. ஆனால் அது தினமும் போகும்.

பொடியில் பார்க்க எதுவும் இல்லை. நிறமும் காரமும் எல்லாவற்றையும் மறைத்துவிடும். முழுதாக வாங்கி, பார்த்து, அரைத்துக்கொள்வது மட்டுமே உங்கள் கையில் இருக்கும் சோதனை. பொடியாகத்தான் வாங்க வேண்டும் என்றால் ஒரு மாதத்தில் தீரும் அளவுக்கு வாங்குங்கள். கட்டி தட்டிய பொடியைச் சலித்துப் பயன்படுத்த வேண்டாம். கட்டி தட்டியது என்றால் ஈரம் புகுந்தது என்று அர்த்தம்.

ஈரத்தை அளப்பது

பூஞ்சைக்கு உணவு கடலையிலேயே இருக்கிறது, சூடும் காற்றும் எப்போதும் இருக்கிறது. நம் கட்டுப்பாட்டில் இருப்பது ஈரம் மட்டும். உரித்த கடலை 7 சதவீத ஈரம் வரையிலும், தோட்டோடு இருப்பது 9 சதவீதம் வரையிலும், வற்றல் 10, 11 சதவீதம் வரையிலும் தாங்கும். ஆனால் இந்தச் சதவீதத்தை வீட்டில் அளக்க வழியில்லை, பொருளுக்குப் பொருள் மாறவும் செய்கிறது. அதைவிட எளிய வழி, பொருளைச் சுற்றியுள்ள காற்றை அளப்பது.

மூடிய பாட்டிலில் கடலையை வைத்தால் அதற்குள் இருக்கும் காற்று கடலையின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிடும். அந்தக் காற்றின் ஈரப்பதத்தைப் பார்த்தால் பூஞ்சைக்குக் கிடைக்கும் ஈரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். கடலை, வற்றல், மிளகு எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல். தேவை ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பத மானி, இறுக்கமாக மூடும் ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டில்.

முதலில் மானி சரியாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். ஒரு பாட்டில் மூடியில் இரண்டு கரண்டி சாப்பாட்டு உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பு கரைந்து தண்ணீராகிவிடக் கூடாது. அதையும் மானியையும் ஒன்றையொன்று தொடாமல் ஒரு காற்றுப் புகாத டப்பாவுக்குள் வைத்து மூடி, 12 மணி நேரம் விடுங்கள். ஈர உப்பு தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீதத்தில் நிறுத்தும். உங்கள் மானி 79 காட்டினால் நான்கு கூடுதலாகக் காட்டும் மானி அது. இனி அது காட்டும் ஒவ்வொரு எண்ணிலிருந்தும் நான்கைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கடலையைப் பாட்டிலில் முக்கால் பங்கு நிரப்பி, மேலே மானியை வைத்து மூடி, வெயில் படாத, சூடு மாறாத இடத்தில் ஒரு நாள் முழுக்க வையுங்கள். திருத்திய எண் 65-க்குக் கீழே இருந்தால் சேமிக்கலாம். 65-இலிருந்து 70 வரை என்றால் சில வாரங்களில் தீர்த்துவிடுங்கள். 70-க்கு மேல் போனால் உடனே மறுபடி காய வைக்க வேண்டும், பூஞ்சை வகைகளில் சில அங்கேயே மெதுவாக முளைக்கத் தொடங்கும். 80-ஐத் தாண்டி, 25-இலிருந்து 35 டிகிரி சூடும் இருந்தால் ஃப்ளேவஸ் வளர்ந்து நஞ்சைச் சுரக்கத் தேவையானதெல்லாம் அதற்குக் கிடைத்துவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பொறுக்கி முடித்த கடலை 74 காட்டுகிறது, மானி நான்கு கூடுதல் என்பதால் உண்மையில் 70. துணியில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, மணிக்கு ஒருமுறை கிளறி, வெயிலில் ஐந்து மணி நேரம். சாயங்காலம் பனி இறங்குவதற்கு முன் உள்ளே எடுத்து, பரப்பியபடியே ஆறவிட்டு, மறுபடி பாட்டிலில் ஒரு நாள். இப்போது 67, திருத்தினால் 63. சேமிக்கலாம். காற்றில் ஈரம் மிகுந்த நாட்களில் வெளியே பரப்பினால் கடலை காய்வதற்குப் பதிலாக ஈரத்தை வாங்கிக்கொள்ளும். மானியைத் தனியே வெளியே வைத்துப் பாருங்கள், 65-க்கு மேல் காட்டினால் அன்று நிழலில் பரப்புவதில் பயனில்லை.

நன்றாகக் காய்ந்தது எப்படிக் கெடுகிறது

சேமிப்பில் நடக்கும் தவறுகளில் முதலிடம், சூடு ஆறாமல் டப்பாவில் அடைப்பது. வெயிலிலிருந்து எடுத்த கடலை வெதுவெதுப்பாக இருக்கும். இரவில் டப்பாவின் சுவர் குளிரும்போது உள்ளே இருக்கும் ஆவி மூடியின் அடியில் நீர்த்துளியாகி, மேல் அடுக்கின் மேல் சொட்டும். பத்து நாள் கழித்துத் திறந்தால் மேலே மட்டும் பூசணம். "நன்றாகக் காய வைத்தேனே" என்று குழம்புவார்கள். காய வைத்ததில் குறை இல்லை, ஆறவிடாததுதான் குறை.

அடுத்தது குளிர்பதனப் பெட்டி. உரித்த கடலையையும் வற்றலையும் நீண்ட நாள் வைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. அந்தக் குளிரில் ஃப்ளேவஸ் வளராது, சிக்கு வாடையும் தாமதமாகும். ஆனால் வெளியே எடுத்தவுடன் திறந்தால் குளிர்ந்த கடலையின் மேல் காற்றின் ஈரம் வியர்த்துப் படியும். டப்பாவை மூடியபடியே சில மணி நேரம் வெளியே வைத்து, சூடு சமமான பிறகு திறங்கள். ஒரே பெரிய டப்பாவைத் தினமும் எடுத்து வைப்பதைவிடச் சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போட்டு, ஒவ்வொன்றாக எடுப்பது நல்லது.

கொதிக்கும் குழம்புக்கு நேர் மேலே மசாலா டப்பாவைச் சாய்த்துத் தட்டுவதும் கெடுதல்தான். ஒவ்வொரு முறையும் ஆவி டப்பாவுக்குள் ஏறுகிறது. கரண்டியில் எடுத்துப் போடுங்கள், அந்தக் கரண்டி காய்ந்திருக்கட்டும்.

மூட்டையாக வைத்திருப்பவர்கள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்க வேண்டும். வண்டு விழுந்தால் பூச்சிப் பிரச்சினை மட்டும் என்று நினைக்காதீர்கள். வண்டும் புழுவும் மூச்சுவிடும்போது நீராவி வெளியாகிறது. அவை குவிந்த இடம் சூடாகி, ஈரமாகி, அங்கிருந்து பூஞ்சை கிளம்பும். மூட்டைக்குள் கை விட்டால் ஓரிடம் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், முதலில் அந்த இடத்துக் கடலையைத் தனியே எடுங்கள்.

கழித்ததை என்ன செய்வது

கோழிக்கும் மாட்டுக்கும் போட வேண்டாம். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்ததில், தீவனத்தில் கலந்த பிரேசில் நிலக்கடலைப் பிண்ணாக்கில் வந்து நின்றது. அஃப்ளாடாக்சின் என்ற ஒன்று இருப்பதே அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. மாடு சாகாமல் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வந்துவிடும். காய்ச்சினாலும் பாலிலிருந்து அது போகாது.

எண்ணெய்க்குக் கொடுக்கலாமே என்பதும் தவறு. ஆட்டும்போது நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி மேலே சொன்ன வழியில் திரும்பி வரும். மீதி, சுத்திகரிக்காத எண்ணெயில் கலந்திருக்கும். ஆலைகளில் காரம் சேர்த்தும் வெளுப்பு மண்ணில் வடிகட்டியும் அதை நீக்குகிறார்கள், வீட்டில் எண்ணெயைத் தெளியவைப்பது அதற்கு ஈடாகாது.

கழித்ததைப் பையில் போட்டு, லேசாகத் தண்ணீர் தெளித்துத் தூள் பறக்காமல் இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள், அல்லது ஆழமாகப் புதையுங்கள். எரிக்க வேண்டாம், புகையோடு தூளும் கிளம்பும். பொறுக்கிய இடத்தை ஈரத்துணியால் துடையுங்கள், துடைப்பத்தால் பெருக்கினால் பூஞ்சை வீடெங்கும் போகும்.

பூசணம் பிடித்த பொருளைச் சாப்பிட்டவர்களுக்கு வாந்தி, வயிற்றுவலி, கண்ணில் மஞ்சள் தெரிந்தால், ஒருவருக்கு மேல் ஒரே சமயத்தில் வந்தால் இன்னும் கட்டாயமாக, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மீதியிருக்கும் பொருளையும் ஒரு பையில் கட்டி எடுத்துப் போங்கள். 2004-இல் கென்யாவில் ஈரத்தோடு சேமித்த மக்காச்சோளத்தால் 317 பேர் பாதிக்கப்பட்டு 125 பேர் இறந்தார்கள். அந்த அளவு நஞ்சு உள்ளே போகும்போது கல்லீரல் நாட்கணக்கில் செயலிழக்கும்.

டப்பாவை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவுங்கள். மூடியின் மரையிலும் ரப்பர் வளையத்தின் அடியிலும்தான் பழைய தூள் தங்கும். வளையத்தைக் கழற்றித் தனியே தேய்த்து, எல்லாவற்றையும் ஒரு நாள் முழுக்கத் திறந்துபோட்டுக் காய வையுங்கள். புதிய கடலையைப் போடுவதற்கு முன் வெறும் டப்பாவுக்குள் மானியை வைத்து மூடி, ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். அறைக்காற்றைவிடக் கூடுதலாகக் காட்டினால் எங்கோ இன்னும் ஈரம் இருக்கிறது, இன்னொரு நாள் காயட்டும்.